தூரத்து மலை ஒட்டவைத்தது போல நிற்கிறதா? மூட்டம் சேர்க்கும்போது வரும் பிழைகளும் திருத்தமும்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலண்டருக்காகத் தேயிலைத் தோட்டப் படம் ஒன்று செய்துகொடுத்தேன். ஒரே கிளிக்கில் எடுத்த படம் இல்லை. கோத்தகிரிப் பக்கம் வெவ்வேறு நாட்களில் எடுத்த நான்கு படங்களை வெட்டி அடுக்கியது. முன்னால் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா. அவருக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் தள்ளி, சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு சரிவு. அதற்குப் பின்னால் நாலு கிலோமீட்டரில் சின்ன ஊர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் மலை. கடைசியாகப் பத்துக் கிலோமீட்டரில் ஒரு நீண்ட மலைத்தொடர், மேலே வானம். முதல் முயற்சியில் நாலும் ஒரே சுவரில் ஒட்டிய போஸ்டர் போல இருந்தன. மூட்டம் சேர்த்த பிறகும் சரியாகவில்லை. ஒவ்வொன்றாக வேறு வேறு கோளாறு வந்தது. அந்தக் கோளாறுகள் படத்தில் எப்படித் தெரியும் என்பதை வைத்தே இங்கே எழுதுகிறேன். நான் ஃபோட்டோஷாப்பில் செய்தேன். நியூக்கில் வேலை செய்பவர்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் இரண்டு விஷயம். காற்றில் இருக்கும் துகள்களும் காற்றும் சேர்ந்து இரண்டு வேலை செய்கின்றன. மலையிலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கை வழியில் தடுக்கின்றன. வெயிலை வாங்கி, தங்கள் ஒளியைக் கூட்டுகின்றன. இரண்டும் ஒன்றாகத்தான் நடக்கும். தூரம் கூடக்கூட மலையின் நிறம் தேய்ந்து, காற்றின் நிறமாகவே ஆகிவிடும். இதை லேயர் கணக்கில் சொன்னால், ஒரு நிறத்தை `Normal` முறையில் இத்தனை சதவீதம் மேலே போடுவது, அவ்வளவுதான். அந்தச் சதவீதத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது:

```
haze = 1 - exp(-3.9 * d / V)
```

`d` என்பது மலையின் தூரம், `V` என்பது அன்றைக்குக் கண்ணுக்கு எட்டும் தூரம், இரண்டும் கிலோமீட்டரில். 20 கிலோமீட்டர் வரை தெரியும் நாள் என்று வைத்துக்கொண்டால், 1 கிலோமீட்டர் சரிவுக்கு 18%, 4 கிலோமீட்டர் மலைக்கு 54%, 10 கிலோமீட்டர் தொடருக்கு 86%. பலரும் 20, 40, 60 என்று படி வைப்பதுபோல ஏற்றுவார்கள். தூரம் சம படியில் இல்லாதபோது அப்படி ஏற்றினால் கண் ஒத்துக்கொள்ளாது.

இந்தக் கணக்கு ஒளிக்கு எழுதப்பட்டது. நியூக்கில் லீனியராக வேலை செய்வதால் எண்கள் அப்படியே பொருந்தும். ஃபோட்டோஷாப் வழக்கமாகக் காமா ஏறிய எண்களைக் கலப்பதால் இருட்டுப் பகுதிகளில் மூட்டம் கொஞ்சம் குறைவாகத் தெரியும். எனவே அங்கே இதைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டு, பக்கத்து அடுக்குகளில் தேவைப்பட்டால் ஐந்தாறு சதவீதம் ஏற்றுங்கள்.

இரண்டாவது விஷயம், அளந்து பார்ப்பது. `Color Sampler Tool` எடுத்து, ஒவ்வொரு அடுக்கிலும் மிக இருட்டான இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மரத்தடி நிழல் மாதிரி இடம். மேலே `Sample Size`-ஐ `5 by 5 Average` ஆக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு பிக்சல் நாய்ஸ் ஏமாற்றிவிடும். F8 அழுத்தினால் `Info` பலகத்தில் எல்லாப் புள்ளிகளின் எண்களும் வரிசையாகத் தெரியும். பின்னால் வரும் பெரும்பாலான கோளாறுகளை இந்த எண்களிலேயே பிடித்துவிடலாம்.

## தூரத்து மலை சாம்பல் அட்டையாக நிற்கிறது, வானத்தோடு சேரவில்லை

மூட்டத்தின் நிறம் தப்பு. வெள்ளையோ நடுச் சாம்பலோ எடுத்து ஊற்றினால் இப்படித்தான் வரும்.

எந்த நிறம் எடுப்பது என்பதற்குப் பதில் படத்திலேயே இருக்கிறது. மலை தூரம் போகப்போகக் காற்றின் நிறமாகிறது என்றால், முடிவே இல்லாத தூரத்தில் என்ன நிறம் இருக்கும்? அடிவானத்தில் தெரியும் நிறம்தான். தலைக்கு மேலே இருக்கும் அடர் நீலம் இல்லை. மலை முகட்டை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு மேலே இருக்கும் வெளிறிய பட்டை. என் படத்தில் அது R 196, G 207, B 216. அந்த நிறத்தில் ஒரு `Solid Color` லேயர் போட்டு, மலை லேயரின் மேல் கிளிப் செய்தேன். Ctrl+Alt+G அழுத்தினால் கிளிப் ஆகிவிடும். ஒவ்வொரு மலைக்கும் தனியாக ஒன்று, நிறம் எல்லாவற்றுக்கும் அதே.

கிளிப் செய்யாமல் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே மூட்டம் போடும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கொழுந்து பறிக்கும் அம்மாவின் முகத்திலும் பால் ஊற்றியது போல ஆகிவிடும்.

சரி, நிறம் எடுத்தும் ஒரு பக்கம் சேருகிறது, மறுபக்கம் சேரவில்லை என்றால் சூரியன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சூரியன் இருக்கும் திசையில் மூட்டம் வெளிச்சமாகவும் கொஞ்சம் மஞ்சளாகவும் இருக்கும். எதிர்த்திசையில் நீலம் தூக்கலாக இருக்கும். அகலமான படத்தில் இடது ஓரத்து அடிவானத்திலும் வலது ஓரத்திலும் தனித்தனியாக நிறம் எடுத்து, `Solid Color`-க்குப் பதிலாக அந்த இரண்டுக்கும் இடையே ஒரு `Gradient` போட்டால் தீர்ந்தது.

வானமே வேறொரு நாளின் படமாக இருந்தால் அந்த வானத்தின் அடிவானம்தான் எசமான். மலைகள் அதற்கு வளைய வேண்டும். மலைக்குப் பிடித்த நீலத்தை வைத்துக்கொண்டு வானத்தை மாற்றப் போனால் இரவு முழுக்க உட்கார வேண்டியிருக்கும்.

## தூரத்தில் இருக்கும் வெள்ளை வீடுகள் மின்னுகின்றன

என் நாலு கிலோமீட்டர் மலையில் இருந்த ஊரின் வீடுகள் வெள்ளையடித்தவை. மலை நன்றாகப் பின்னால் போய்விட்டது, வீடுகள் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றன.

காரணம் `Screen`. மூட்டம் என்றால் ஒளி கூடுகிறது, ஆகவே `Screen` என்று பழக்கத்தில் போட்டிருந்தேன். `Screen` எதையும் இருட்டாக்காது. இருட்டைத் தூக்கும், வெளிச்சத்தைத் தொடாது. ஆனால் உண்மையான காற்று வீட்டுச் சுவரின் ஒளியையும் வழியில் தடுக்கிறது. கணக்கில் பார்ப்போம். சுவரின் சிவப்பு எண் 245. அதே நிறம், அதே 54%, `Screen` முறையில் போட்டால் 249 ஆகிறது. அதாவது நாலு கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு சுவர் இன்னும் பளிச்சென்று ஆகியிருக்கிறது! `Normal` முறையில் 219-க்கு இறங்குகிறது. மாற்றிய கணமே வீடுகள் மலையோடு ஒட்டிக்கொண்டன.

தூரத்து நீர்நிலை, தகரக் கூரை, பாறை முகடு, பனி மூடிய சிகரம் எல்லாவற்றுக்கும் இதுதான் சோதனை. மூட்டம் ஏறியதும் அவை அடிவான நிறத்தை நோக்கி இறங்கியிருக்க வேண்டும். `Levels` வழியாக மூட்டம் போடுபவர்களும் இதே குழியில் விழுவார்கள். கீழே இருக்கும் `Output Levels`-இல் இடது முனையை மட்டும் உள்ளே இழுத்தால் அது `Screen` போலத்தான் நடந்துகொள்ளும். வலது முனையையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

நுணுக்கம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்று. காற்று நீல ஒளியைத்தான் அதிகமாகச் சிதறவிடுகிறது. அதனால் இருண்ட காடு தூரத்தில் நீலமாகிறது, ஆனால் வெள்ளைப் பொருளிலிருந்து வரும் நீலம் வழியில் கழிந்துபோவதால் அது லேசாக மஞ்சளாகும். நீலகிரி என்ற பெயருக்கு நீலக்குறிஞ்சியைக் காரணம் சொல்பவர்களும் உண்டு, தூரத்து நீலத்தைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. பத்துக் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் இரண்டாவது விளக்கம் சட்டென்று புரியும். காலண்டர் வேலைக்கு இந்த மஞ்சள் அவசியமில்லை. பனிமலைப் படம் செய்கிறீர்கள் என்றால் அவசியம்.

## இரண்டு மலைகள் ஒரே தூரத்தில் ஒட்டிக்கொண்டன, அல்லது பின்னது முன்னால் வருகிறது

எனக்கு அதிக நேரம் தின்றது இதுதான்.

`Info` பலகத்தைப் பாருங்கள். சரியான படத்தில் மிக இருட்டான புள்ளிகளின் எண் முன்னடுக்கிலிருந்து பின்னடுக்குக்குப் படிப்படியாக ஏற வேண்டும். எங்கேயும் இறங்கக் கூடாது, எங்கேயும் பக்கத்துப் படியோடு ஒட்டக் கூடாது. காட்டு நிழல் 20, 28, 22 என்று இருந்தால், மேலே சொன்ன மூட்டத்துக்குப் பிறகு வர வேண்டியவை இவை: ஒரு கிலோமீட்டரில் 52, 60, 57. நாலில் 115, 125, 127. பத்தில் 171, 182, 189.

எனக்கு வந்ததோ, ஒரு கிலோமீட்டர் சரிவில் 96, 106, 114. நாலு கிலோமீட்டர் மலை சரியாக 115-இல் இருந்தது. நடுவில் வெறும் 19 எண் இடைவெளி. அதனால்தான் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

ஏன்? அந்தச் சரிவின் படம் மார்ச் மாதத்து வெயிலில், ஏற்கெனவே நிறைய மூட்டத்தோடு எடுத்தது. நான் எதையும் சேர்க்கும் முன்பே அதன் நிழல் 74, 84, 92. அதன் மேல் இன்னொரு 18% போட்டால் இரட்டை மூட்டம். காம்போசிட்டுக்குக் கையில் எடுக்கும் வெளிப்புறப் படம் எதிலும் அந்த நாளின் காற்று உள்ளே இருக்கிறது. அதை முதலில் கழிக்க வேண்டும்.

கழிக்க `Dehaze` இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் பயன்படுத்துவேன். ஆனால் அது படத்தின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு அளவில் இழுப்பதால் முகட்டோரம் கறுப்பு நிழல் விடும். ஒரே தூரத்தில் இருக்கும் ஒரு சரிவுக்கு `Levels` போதும். மலை லேயருக்கு மேல், மூட்டத்துக்குக் கீழே ஒரு `Levels` கிளிப் செய்து, `RGB`-யில் கைவைக்காமல் ஒவ்வொரு வண்ணச் சேனலாகப் போய், `Input Levels`-இன் இடது முனையை உள்ளே தள்ளுங்கள். நிழல் காட்டு நிழலின் எண்ணுக்கு வரும்வரை. எனக்குச் சிவப்பில் 59, பச்சையில் 63, நீலத்தில் 77 வரை போனது. நீலம்தான் அதிகம் தள்ள வேண்டியிருந்தது; அன்றைய மூட்டம் நீலமானது என்று அதுவே சொல்லிவிட்டது. இதன் பிறகு 18% போட்டதும் 52, 60, 57 வந்து உட்கார்ந்தது.

இதற்கும் எல்லை உண்டு. பத்துக் கிலோமீட்டர் தொடரின் படத்தை இப்படி உரிக்க முயன்றால் மிஞ்சுவது நாய்ஸும் ஜேபெக் கட்டங்களும்தான். அந்தப் படத்தில் மலை என்பதே நூற்றில் பதினாலு பங்கு. அதை விட்டுவிடுங்கள். உரிக்காமல், குறைகிற பங்கை மட்டும் மேலே சேர்க்கலாம். எவ்வளவு குறைகிறது என்பதைக் கழித்தல் கணக்காகப் போடாதீர்கள். வேண்டியது 54%, படத்தில் ஏற்கெனவே 30% இருக்கிறது என்றால் சேர்க்க வேண்டியது 24 இல்லை, 34. ஏனென்றால் பழைய மூட்டத்துக்குப் பிறகு மலையில் 70 பங்கு மிச்சம். அது 46 ஆக வேண்டும். 46-ஐ 70-ஆல் வகுத்தால் 0.66, எனவே புது மூட்டம் 34%.

சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே தெரியும் மலையைப் பார்க்க மறக்காதீர்கள். மரத்தை வெட்டும்போது இலைகளுக்கு நடுவே பழைய பின்னணித் துண்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், அந்த ஓட்டையில் மட்டும் தூரம் தப்பாகத் தெரியும்.

## அடுக்குகள் சரியாக விலகுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் வெட்டிய அட்டை

எண்கள் சரியாக ஏறுகின்றன. இருந்தாலும் பள்ளிக்கூட நாடக மேடையில் வரிசையாக நிறுத்திய அட்டை மலைகள் போல இருக்கின்றன. ஒரு மலை முழுக்க ஒரே சதவீதம் போட்டதன் விளைவு.

தூசியும் ஈரமும் கீழேதான் அடர்த்தி. மலைக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருந்தால், குறிப்பாகக் காலை நேரத்தில், மூட்டம் அங்கே தேங்கும். அதனால் ஒவ்வொரு மலையும் முகட்டில் நிறம் அடர்ந்து, அடிவாரத்தில் வெளிற வேண்டும். அந்த வெளிறிய அடியின் மேல்தான் முன்மலையின் இருண்ட முகடு வந்து வெட்டுகிறது. இந்த இடத்தில் கிடைக்கும் வேறுபாடுதான் ஆழத்தைக் காட்டுகிறது.

மூட்ட லேயரின் மாஸ்க்கில் மேலே கொஞ்சம் சாம்பல், கீழே முழு வெள்ளை என்று கிரேடியன்ட் இழுத்தால் போதும். நாலு கிலோமீட்டர் மலைக்கு முகட்டில் 46%, அடியில் 64% வைத்தேன். 54 நடுவில் எங்கோ வரும். இழுத்தபின் அப்படியே விட்டுவிட்டால் படத்தில் குறுக்கே நேர்க்கோடாக ஒரு பட்டை தெரியும். காற்று அப்படித் தங்காது. பெரிய மென்மையான பிரஷ், `Flow` 5%, மாஸ்க்கிலேயே பள்ளம் இருக்கும் இடங்களில் வெள்ளையும், முன்னால் துருத்தும் மேடுகளில் சாம்பலும் தடவிக் கோட்டைக் கலைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. அளவு மீறினால் மலைகளுக்கு இடையே பஞ்சு அடைத்தது போல ஆகும். என் காலண்டர் படத்தில் வெயில் மேலே இருந்தது, நிழல் குட்டையாக விழுந்தது. அந்த நேரத்தில் பள்ளத்தாக்கில் கெட்டியாக மூட்டம் நிற்காது என்பதால் இந்த ஏற்ற இறக்கத்தை அடக்கியே வைத்தேன். நிழல் நீண்டு விழும் காலைப் படமாக இருந்தால் 40-க்கும் 75-க்கும் இடையே கூடத் தைரியமாக விடலாம்.

## மலை பொம்மை மலையாகத் தெரிகிறது

யாரோ தூரத்து அடுக்கை `Gaussian Blur` செய்திருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் நாம்தான். மூட்டம் வேறுபாட்டைக் குறைக்கும். முகட்டுக் கோட்டைக் கரைக்காது. நல்ல மூட்ட நாளிலும் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முகடு கத்தியால் கீறியது போலத்தான் இருக்கும். அதை மழுங்கடித்தால் மூளை லென்ஸ் ஃபோகஸ் என்று படிக்கிறது, காட்சி மேசை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எடுத்துவிடுங்கள். முன்னால் இருப்பவரை நெருக்கத்தில் எடுத்து, அந்தப் படத்தில் ஏற்கெனவே பின்னணி ஃபோகஸ் இழந்திருந்தால் மட்டும் அதற்கு ஈடாக எல்லாப் பின் அடுக்குகளுக்கும் ஒரே அளவில் கொடுக்கலாம்.

## மரங்களின் ஓரத்தில் ஒரு கோடு

கோடு வெள்ளையாக இருந்தால் ஒரு காரணம், கறுப்பாக இருந்தால் வேறு காரணம்.

வெள்ளைக் கோடு பழைய வானத்தின் மிச்சம். மரத்தை வெளிச்சமான வானத்திலிருந்து வெட்டும்போது ஓரப் பிக்சல்கள் பாதி இலை, பாதி வானம். மூட்டம் அதன் மேல் ஏறினாலும் அது போகாது. `Layer > Matting > Defringe` ஒரு பிக்சல் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு லேயர் மாஸ்க்கை அப்ளை செய்துவிட வேண்டும், பிறகு திரும்பிப் போக முடியாது. நான் மாஸ்க்கை வைத்துக்கொண்டு, மரத்துக்கு மேல், மூட்டத்துக்குக் கீழே ஒரு வெற்று லேயரைக் கிளிப் செய்து, பக்கத்து இலையின் நிறத்தை எடுத்து ஓரம் முழுக்கத் தடவிவிடுவேன். மூட்டத்துக்கு மேலே தடவினால் அந்த ஓரம் மட்டும் பக்கத்தில் வந்து நிற்கும். இந்த வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

கறுப்புக் கோடு என்றால் மூட்டம் ஓரம்வரை எட்டவில்லை. மூட்டத்தைக் கிளிப் செய்யாமல் தனி செலக்‌ஷன் போட்டு, அதை ஃபெதர் செய்திருப்பீர்கள். ஃபெதரை எடுத்துவிட்டுக் கிளிப் செய்யுங்கள். மரத்தின் ஓரம் எதுவோ மூட்டத்தின் ஓரமும் அதுவே ஆகிவிடும்.

நியூக்கில் இதற்கு ஒரு அண்ணன் உண்டு. ஆல்ஃபாவால் பெருக்கிய படத்தின் மேல் `Grade`-இல் `lift` ஏற்றினால், வெறுமையாக இருக்க வேண்டிய இடமும் தூக்கப்பட்டு, மலையைச் சுற்றி ஒரு வெளிறிய செவ்வகம் தெரியும். `Unpremult`, பிறகு `Grade`, பிறகு `Premult`. ஆழச் சேனலை வைத்து மூட்டம் போட்டுப் பக்கத்து மலைக்கே எல்லாம் ஏறி, தூரத்து மலை சுத்தமாக நின்றால் பதற வேண்டாம். `ScanlineRender` தருவது தூரம் இல்லை, ஒன்றைத் தூரத்தால் வகுத்த எண். தலைகீழாக்கிவிட்டுப் பிறகு கணக்கில் போடுங்கள்.

## தூரத்து மலையிலும் அடிவானத்திலும் பட்டை பட்டையாக

86% மூட்டம் போட்ட தொடரில் மலைக்கு மிச்சம் இருப்பது 14%. 8 பிட் படத்தில் 255 படிகளில் அது சுமார் 36 படி. அவ்வளவு கொஞ்சப் படிகளில் ஒரு மென்மையான சரிவை வரைந்தால் படி தெரியத்தான் செய்யும்.

வேலை தொடங்கும்போதே `Image > Mode > 16 Bits/Channel` வைத்துவிடுங்கள். பட்டை வந்த பிறகு மாற்றினால், தட்டையாக்கிவிட்ட லேயர்களில் பட்டை அப்படியே இருக்கும்; மூட்டம் இன்னும் தனி லேயராக இருந்தால் மட்டும் சரியாகும். கிரேடியன்ட் போடும்போது `Dither` டிக் ஆகியிருக்கட்டும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே 50% சாம்பல் லேயர் ஒன்று, `Overlay` முறை, அதில் `Add Noise` ஒன்றரை சதவீதம், `Gaussian`, `Monochromatic`. நான்கு வெவ்வேறு கேமரா அமைப்பில் எடுத்த படங்களுக்கு ஒரே மாதிரி நாய்ஸ் வந்துவிடுவது இதில் கூடுதல் லாபம்.

அச்சுக்குப் போகும் படமாக இருந்தால் இந்த நாய்ஸைத் திரையில் 100% பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூட்டத்தையும் திரையை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. எங்கள் காலண்டருக்கு முதல் ப்ரூஃப் வந்தபோது, திரையில் நன்றாகத் தெரிந்த தூரத்துத் தொடர் தாளில் வானத்தோடு கரைந்து காணாமலே போயிருந்தது. 86-ஐ 78 ஆக்கி அனுப்பியதும் முகடு திரும்பி வந்தது.